ஆச்சி, தாத்தாமாரிடம் கதை கேட்க ஒரு சாயங்காலம்

அன்புள்ள பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார், மதினிமார், தம்பி தங்கச்சிகள் எல்லாருக்கும்,

வருகிற மே 16, சனிக்கிழமை சாயங்காலம் நம் கல்லிடைக்குறிச்சி வீட்டில் பிள்ளைகளையெல்லாம் உட்காரவைத்து, அம்பை ஆச்சியும் சேரன்மாதேவி தாத்தாவும் பெரிய தாத்தாவும் சின்ன வயதுக் கதை சொல்லப்போகிறார்கள். மூன்று பேரும் சம்மதித்துவிட்டார்கள். பள்ளி லீவில் சென்னை, பெங்களூர் பிள்ளைகளும் ஊரில் இருப்பதால் இந்த நாளே தோது.

நம் பூட்டி ஆச்சியின் படம் சுவரில் இருக்கிறது. குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. இவர்கள் மூவர் குரலாவது நம்மிடம் இருக்க வேண்டும். அதுவும் அவர்கள் பேசுகிறபடியே, ‘ஏல, இங்க வாயேன்’ என்கிற அதே பேச்சில். அதனால் யாரும் குறுக்கே புகுந்து “அது அந்த வருஷம் இல்ல” என்று திருத்த வேண்டாம். முன்னே பின்னே போனாலும் போகட்டும்.

நான்கரை மணிக்கு வெயில் தாழ்ந்ததும் வந்துவிடுங்கள். சுக்குக் காபியும் முந்திரிக்கொத்தும் இருக்கும். பிள்ளைகள் தார்சாவில் ஓடியாடி முடிக்கட்டும். ஐந்து மணிக்குப் பட்டாசலில் பத்தமடைப் பாய் விரித்துவிடுவோம்.

முதலில் அம்பை ஆச்சி. சிறுவீட்டுப் பொங்கல் கதை சொல்கிறார்கள். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் வைத்த பூசணிப்பூவை எருவில் பதித்துக் காயவைத்தது, முற்றத்தில் மண்ணால் குட்டி வீடு கட்டிப் பொங்கலிட்டது, அப்புறம் அந்தப் பூ எருவையும் பொங்கலையும் தாமிரபரணியில் விட்டது. நம் பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் இதைப் பார்த்ததே இல்லை. ஆச்சி முடிந்தால் கையாலேயே வீடு கட்டிக் காட்டுவதாகச் சொன்னார்கள்; ஒரு சட்டி ஈரமண் எடுத்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கால் மணி நேரம் எழுந்து நடக்க, தண்ணீர் குடிக்க. ஐந்தே முக்காலுக்குச் சேரன்மாதேவி தாத்தா. கரி என்ஜின் இழுத்த செங்கோட்டை ரயிலில் திருநெல்வேலிக்குப் போனது, சன்னலில் தலை நீட்டினால் கண்ணில் விழுந்த கரித்தூள், 1957-இல் நயா பைசா வந்தபோது அணாக் கணக்கோடு கடையில் நின்று முழித்தது. ஒரு பழைய அணாக் காசும் கொண்டுவருகிறார். ஒரு ரூபாய்க்கு 16 அணா, 100 நயா பைசா என்றால் ஒரு அணாவுக்கு எத்தனை பைசா என்று பிள்ளைகளைக் கேட்பார், தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

விளக்கேற்றியதும் ஆறரைக்குப் பெரிய தாத்தா. பிசான அறுப்பு, களத்தில் நெல்லுக்குக் காவல் படுத்தது, கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டது. மணிமுத்தாறு அணை கட்டும்போது தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போன கதை அவர் மனசில் இருக்கிறது. கேட்டால்தான் வரும், யாராவது ஒரு பிள்ளை கேட்கணும். ஏழரைக்கெல்லாம் இட்லி. இன்சுலின் போடுகிறவர்களுக்கு நேரம் தள்ளக்கூடாது, பெரிய தாத்தா பாதியில் இருந்தாலும் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுத் தொடரலாம். யாருக்காவது அசதி என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், மீதி மறுநாள் காலையில்.

இனி பதிவு. தம்பி ஒரு போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுப்பான். இன்னொரு போன் கதை சொல்பவர் மடியருகே, குரலுக்கு மட்டும். இரண்டும் ஏரோப்ளேன் மோடில். பட்டாசல் மின்விசிறி கடகடவென்று அடிப்பதால் அதை நிறுத்திவிட்டு, நிற்கிற ஃபேனைத் தள்ளி வைப்போம். ஆளுக்கொரு பனையோலை விசிறியும் உண்டு. ஒவ்வொருவரும் முதலில் தன் பேர், பிறந்த ஊர், அப்பா அம்மா பேர் சொல்லித் தொடங்குவார்கள். நாற்பது வருஷம் கழித்துக் கேட்கிறவனுக்கு அது வேணும். பிள்ளைகள் ‘உம்’ கொட்டுவதும் சிரிப்பதும் பதிவில் இருக்கட்டும், யாரையும் அதட்டாதீர்கள்.

பதிவைப் பெரியவர்கள் மூவரும் ஒருமுறை கேட்பார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்கிற இடத்தை வெட்டிவிடுவோம். அப்புறம்தான் வீட்டுக்கு ஒரு பென்டிரைவ். ஸ்டேட்டஸில், யூடியூபில் போடக்கூடாது. சொத்துச் சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாம் கதையோடு வரும், அது நம் வீட்டோடு இருக்கணும்.

வருகிற பிள்ளைகள் எத்தனை பேர், யாருக்கு எந்தப் பலகாரம் ஆகாது என்று வியாழக்கிழமைக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள். பழைய போட்டோ இருந்தால் எடுத்து வாருங்கள், படத்தைப் பார்த்தால் ஆச்சிக்கு இன்னும் நாலு கதை வரும். துபாய் சித்தப்பா வீட்டுக்கு மறுநாள் காலை வீடியோ காலில் ஆச்சி தனியே பேசுவார்கள்.

அன்புடன்,
கல்லிடைக்குறிச்சி அத்தை