பொன்னிக் குட்டிக்குப் பெயர் வைக்கும் நாளில்

மலரு,

நாளைக் காலையில் திருவையாற்றுக்கு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்க வேண்டியவள் நான். பெட்டிகூடக் கட்டிவிட்டேன். முந்தாநாள் சாயங்காலம் பையன் முதுகில் ரெண்டு கொப்புளம் பார்த்தேன். விடிவதற்குள் முகமெல்லாம் பரவிவிட்டது. வாசலில் வேப்பிலை சொருகியாகிவிட்டது, இன்னும் முதல் தண்ணிகூட ஊற்றவில்லை. அம்மை போட்ட வீட்டிலிருந்து முப்பது நாள் பிள்ளையைப் பார்க்க வரக்கூடாது. மனசு கேட்கவில்லைதான், ஆனால் அவள் உடம்பு எனக்குப் பெரிசு. அதனால் இதை எழுதுகிறேன். தொட்டில் போட்டு முடித்து, எல்லோரும் காப்பரிசி மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும்போது சரவணன் அண்ணனை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல். நீ வாசிக்காதே, பாதியில் அழுதுவிடுவாய்.

பொன்னி என்று வைக்கப் போகிறோம் என்று நீ போனில் சொன்னதும் எனக்குப் பேச்சே வரவில்லை. உன் அம்மா பொன்னம்மாள் போய் ரெண்டு வருஷம் ஆகப் போகிறது. அந்தப் பெயரை முதலில் எடுத்தது உன் மாமியார் என்று சொன்னாய் பார், அங்கேதான் நான் உடைந்துபோனேன். தன் பெயரையோ தன் அம்மா பெயரையோ வைக்கச் சொல்லியிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். சம்பந்தியம்மா பெயரைப் பேத்திக்கு வை என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அம்மா, நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

பெயரன், பெயர்த்தி என்ற சொல்லிலேயே பெயர் இருக்கிறது. தாத்தா பாட்டி பெயரைச் சுமக்கிறவர்கள் என்றுதானே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பேரன், பேத்தி என்று நாம் தேய்த்துவிட்டோம்.

பொன்னம்மா என்றால் எனக்கு உங்கள் வீட்டுப் பின்கட்டுதான் நினைவுக்கு வரும். காலேஜ் லீவில் உன்னோடு வந்து இறங்கிய முதல் நாள், நான் வாசல்படி ஏறுவதற்குள்ளேயே “பசிக்குதாடி?” என்றுதான் கேட்டார்கள். பெயர், ஊர் எல்லாம் அப்புறம்தான் கேட்டார்கள். பழைய சோற்றைப் பிழிந்து, தயிர் ஊற்றி, சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் பொரித்துத் தட்டு ஓரத்தில் வைத்தார்கள். நான் வெட்கப்பட்டுக் கொஞ்சமாகச் சாப்பிட்டதைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் உருட்டி உருட்டிக் கையில் போட ஆரம்பித்தார்கள். எட்டு உருண்டை. எண்ணினேன். ஹாஸ்டலில் அரை வயிற்றோடு படுத்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அதனால் இவள் பள்ளிக்கூடம் போகும்போது யாராவது “பொன்னி அரிசியா?” என்று கேட்டால் வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லி வளர். காவிரிக்கும் அதுதான் பெயர், சோற்றுக்கும் அதுதான் பெயர், அவள் பாட்டிக்கும் அதுதான் பெயர். ஆடிப்பெருக்கு முடிந்து நாலாம் நாள், ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடும்போது பிறந்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

பொன்னி, என் தங்கமே, இனி உனக்குச் சொல்கிறேன்.

நான் சுமதி பெரியம்மா. உன் அம்மாவைவிட ரெண்டு மாசம் மூத்தவள். நீ மகராசியாக இரு. நீண்ட ஆயுசும் நிறைந்த உடம்புமாக இரு. ஆல் போல் தழைத்து, அருகு போல் வேரோடி வளர். தடுக்கி விழுந்தாலும் தானே எழுந்துகொள்ளும் தெம்பு உனக்கு வரட்டும். உன் வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணையாமல், பசி என்று வந்தவர் யாரும் வெறும் வயிற்றோடு திரும்பாமல் இருக்கட்டும். நன்றாகப் படி, நினைத்ததைப் படி. வேண்டாம் என்பதை வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லும் தைரியம் உன் நாக்கில் பிறக்கும்போதே இருக்கட்டும். ஆற்றங்கரைப் பிள்ளை நீ, நீச்சல் கற்றுக்கொள். உன் அம்மாவுக்கும் எனக்கும் அது வாய்க்கவில்லை. ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, இந்தப் பெரியம்மா கண்ணு எதுவும் உன்மேல் படாமல் இருக்கட்டும். கன்னத்தில் மை கொஞ்சம் பெரிசாகவே வைக்கச் சொல்.

மலரு, உனக்கும் ஒரு வாழ்த்து உண்டு. பிள்ளை பிறந்த வீட்டில் எல்லோரும் பிள்ளையையே பார்ப்பார்கள். நீ ராத்திரி மூன்று மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டு அம்மா இல்லையே என்று அழுவதை உன் சித்தி எனக்குச் சொன்னார்கள். அழு, அடக்காதே. சித்தி செய்து தரும் பூண்டுக் குழம்பையும் லேகியத்தையும் முகம் சுளிக்காமல் சாப்பிடு. உங்கள் அம்மாவுக்கு அந்தப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். உன் இடுப்பு பலமாகட்டும், பால் சுரக்கட்டும், தூக்கம் கண்ணுக்கு வரட்டும். அண்ணா, ராத்திரி ஒரு முறையாவது நீங்கள் எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுங்கள். செய்வீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

இன்னொன்று. பெயர் வைத்த கையோடு பிறப்புச் சான்றிதழிலும் ஏற்றிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் பெயர் இல்லாமல்தான் பதிந்திருப்பார்கள். பிறப்பைப் பதிந்ததிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. ஆங்கிலத்தில் எந்தெந்த எழுத்து என்று உட்கார்ந்து முடிவு பண்ணி, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். என் பெயரைப் பள்ளியில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் எழுதிவைத்ததால் பாஸ்போர்ட்டுக்கு நான் எத்தனை நடை நடந்தேன் என்று உனக்குத் தெரியும். என் தங்கத்துக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

போன வாரம் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்திருக்கும். பையனுக்கு அம்மை வருவதற்கு முன்னாலேயே அனுப்பிவிட்டேன், பயப்படாதே. பிரித்தால் வெள்ளி அரைஞாண் இருக்கும், அதன் அடியில் அரக்குக் கலரில் ஒரு நூல் சேலை இருக்கும். அதை உனக்கு அடையாளம் தெரியும். என் கல்யாணத்துக்கு உங்கள் அம்மா எடுத்துக்கொடுத்தது. பத்து வருஷம் துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. ஓரத்தில் ஒரு கிழிசலை நானே தைத்திருக்கிறேன். மரத்தொட்டில் சடங்கு முடிந்ததும் அதில் தூளி கட்டு. பேத்தி பாட்டி சேலையில் தூங்கட்டும்.

காதில் பெயர் சொல்லும்போது முதலில் அத்தை சொல்லட்டும், அது அவர்கள் உரிமை. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடி, சத்தத்தில் பிள்ளை பயந்துவிடப் போகிறது. நானும் இங்கிருந்து மூன்று தரம் கூப்பிடுகிறேன்.

உன்
சுமதி