சாத்தாங்காடு புதுப் பாலம் திங்கள் காலை திறப்பு: யார் போகலாம், யார் சுற்றித்தான் போகவேண்டும்

பக்கிங்காம் கால்வாய்க்கு மேலே சாத்தாங்காட்டையும் திருவொற்றியூர் மேற்குப் பகுதியையும் இணைக்கும் புதுப் பாலத்தில் வரும் திங்கட்கிழமை காலை 6 மணி முதல் வண்டிகள் போகலாம். பைக், ஸ்கூட்டர், சைக்கிள், ஆட்டோ, ஷேர் ஆட்டோ, கார், ஸ்கூல் வேன், குட்டியானை எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. கட்டணம் கிடையாது. லாரி, டிரெய்லர், கன்டெய்னர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மாநகரப் பேருந்தும் இப்போதைக்கு இந்த வழியில் வராது.

திறப்பு விழா அதற்கு முந்தின நாள் ஞாயிறு மாலை. மேடை சாத்தாங்காட்டுப் பக்கம் பாலம் தொடங்கும் இடத்திலேயே போடப்படுவதால், அன்று மதியம் 3 மணியிலிருந்து இரவு 8 மணி வரை அந்தத் தெருவில் வண்டி நுழைய முடியாது. அந்த நேரத்தில் கல்யாணம், காதுகுத்து என்று புறப்படுகிறவர்கள் வண்டியை மதியமே மெயின் ரோட்டுக்கு எடுத்துப் போய் நிறுத்திவிடுவது நல்லது.

துறை அனுப்பிய செய்திக்குறிப்பு இரண்டு பக்கம். யார் தலைமையில், யார் முன்னிலையில் என்பதற்கே முதல் பக்கம் போய்விட்டது. இரண்டாம் பக்கத்தில் தூண்கள், கான்கிரீட், மதிப்பீட்டுத் தொகை. பஸ் வருமா, மழையில் போகலாமா என்று நம் வாசகர்கள் கேட்கிற எதுவும் அதில் இல்லை. அதனால் பாலத்துக்கு நேரில் போய்ப் பார்த்தும், வேலையில் இருந்த பொறியாளர்களைக் கேட்டும் எழுதியது இது.

மணலி, சாத்தாங்காடு பக்கமிருந்து திருவொற்றியூர் மெட்ரோவுக்கோ தேரடிக்கோ போகிறவர்களுக்குத்தான் பெரிய மாற்றம். இதுவரை பழைய பாலம் வரை போய்ச் சுற்றவேண்டும். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும், பிரச்சினை தூரம் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும்போது, பைக்கை நகர்த்த இடமில்லாமல் அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கால் ஊன்றி நிற்பதுதான். புதுப் பாலத்தில் அந்தப் பயம் இல்லை. பயண நேரம் 15 நிமிடம் குறையும் என்கிறது குறிப்பு. ரோடு காலியாக இருக்கும் மதிய நேரத்தில் அவ்வளவு குறையாது, காலை எட்டரைக்கு அதைவிட அதிகமாகவே குறையலாம்.

பாலத்தின் இரண்டு முனையிலும் மஞ்சள், கறுப்புப் பட்டை அடித்த இரும்புக் குறுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். உயரம் 3 மீட்டர். லாரியைத் தடுப்பதற்காகப் போட்டது. ஸ்கூல் வேன் தாராளமாகப் போகும், பெரிய ஸ்கூல் பஸ் இடிக்கும். பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்புகிறவர்கள் புது ரூட்டை எதிர்பார்க்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸ் தடையில்லாமல் போகலாம். மெட்ரோ வாட்டர் லாரியும் குப்பை லாரியும் பழைய வழியிலேயே வரும் என்பதால் உங்கள் தெருவுக்கு அவை வரும் நேரம் மாறாது. வீடு மாற்றுகிறவர்கள் மட்டும் கவனிக்கவேண்டும்: குட்டியானையில் கட்டிலையும் பீரோவையும் நிமிர்த்தி ஏற்றினால் கம்பியில் இடிக்காமல் நுழையுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்து போகிறவர்களுக்கு நடைபாதை ஒரு பக்கம்தான், வடக்குப் பக்கம். திருவொற்றியூர் நோக்கிப் போகும்போது இடது கை பக்கம். திருவொற்றியூர் கரையில் இறங்க இரண்டு வழி: படிக்கட்டு ஒன்று, சரிவுப் பாதை ஒன்று. சைக்கிள் தள்ளுகிறவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், முட்டி வலிக்காரர்கள் எல்லோருக்கும் சரிவுப் பாதைதான். அது கொஞ்சம் சுற்றி இறங்குகிறது, ஆனால் கைப்பிடி இருக்கிறது, ஏற்றமும் மூச்சு வாங்கும் அளவுக்கு இல்லை. சாத்தாங்காட்டுக் கரையில் படிக்கட்டே இல்லை, நேரே ரோடு மட்டத்துக்குத்தான் வருகிறது.

இத்தனை வருஷம் ஜனங்கள் நடந்து கடந்தது தண்ணீர்க் குழாய் மேல்தான். குழாயின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, மேலே பலகை போட்டு, காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து வருகிற பெண்கள் தலையில் அன்னக்கூடையோடு அதில் நடப்பதைப் பார்த்தால் நமக்குக் கால் கூசும். அந்தப் பலகைகளை வரும் புதன்கிழமை எடுத்துவிடுவார்கள், குழாய்க்கு இரண்டு முனையிலும் கம்பிவேலி வரும். குழாயை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குப் புதுப் பாலம் சற்றுத் தள்ளித்தான். ஐந்து நிமிடம் கூடுதலாக நடக்கவேண்டியிருக்கும், அதை மறைத்துப் பயனில்லை.

திருவொற்றியூர் பக்கம் இறங்கியதும் வலது பக்கம் திரும்ப முடியாது. கால்வாய்க்கரைத் தெரு இனி ஒருவழிப்பாதை, தெற்கிலிருந்து வடக்கே மட்டும். தெற்குப் பக்கம் வீடு உள்ளவர்கள் பாலத்திலிருந்து நேரே போய், அடுத்த குறுக்குத் தெருவில் வலது பக்கம் திரும்பிச் சுற்றி வரவேண்டும். கால்வாய்க்கரைத் தெருவில் கடைக்கு முன்னால் வண்டி நிறுத்தவும் தடை. கடைக்காரர்கள் சரக்கு இறக்க இரவு 10 மணி முதல் காலை 6 வரை அனுமதி உண்டு. தெருமுனையில் இருந்த ஆட்டோ ஸ்டாண்ட், படிக்கட்டுக்குப் பக்கத்தில் பாலத்தின் அடியிலேயே போய்விடும். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடம் கிடைத்தது என்று ஆட்டோக்காரர்களுக்கு மட்டும் சந்தோஷம்.

இனி மழை. எல்லாப் பருவத்திலும் தடையற்ற போக்குவரத்து என்று குறிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பாலத்தைப் பொறுத்தவரை அது சரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கலந்து வந்த தண்ணீரை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலத்தின் தளம் அந்த மட்டத்துக்கு நன்றாக மேலேதான் இருக்கிறது. ஆனால் பாலத்தில் இறங்கியதும் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குப் போக நடுவில் ரயில் பாதை வருகிறதே. மாணிக்கம் நகர் சுரங்கப்பாதை வழியாகத்தான் போகவேண்டும். அங்கே தண்ணீர் நின்றால், பாலம் எவ்வளவு உயரமாக இருந்து என்ன? பாலத்துப் பொறியாளர்களிடம் இதைக் கேட்டபோது, சுரங்கப்பாதை எங்கள் பொறுப்பில் இல்லை என்று பதில் வந்தது.

ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள், அதைக் குறிப்பில் சொல்லாமல் விட்டதுதான் ஆச்சரியம். சாத்தாங்காட்டு முனையில், ஏறுவதற்கு முன்பே, ஒரு சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். சுரங்கப்பாதை மூடப்பட்டால் அது எரியும். எரிந்தால் ஏறவேண்டாம், பழைய பாலம் வழியாகவே போங்கள். ஏறிவிட்டால் நடுவில் திரும்ப இடமில்லை, பின்னால் வருகிற வண்டிகளோடு மாட்டிக்கொள்வீர்கள்.

வேலை முழுதாக முடிந்துவிடவில்லை. சாத்தாங்காட்டுப் பக்க ஏற்றத்தில் தெருவிளக்குக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், இணைப்பு இன்னும் கொடுக்கவில்லை. பாலத்தின் மேல் மட்டும் வெளிச்சம் இருக்கிறது. இணைப்பு கொடுக்கும் வரை இரவில் வருகிறவர்கள் அந்த ஏற்றத்தில் மெதுவாக வரவும். பக்கச் சாலையில் ஜல்லி மட்டும் கொட்டியிருக்கிறது, பைக் வழுக்கும். விளக்கு, பள்ளம், தேங்கிய தண்ணீர் பற்றி மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொன்னால், எந்தக் கம்பம் என்று அவர்கள் திரும்ப அழைத்துக் கேட்கவேண்டியிருக்காது.

ஷேர் ஆட்டோ கட்டணம் குறையுமா என்று பலரும் கேட்கிறார்கள். ஸ்டாண்டில் விசாரித்தோம். தூரம் குறைந்தால் குறைத்துத்தான் வாங்கணும் என்கிறார் ஒருவர், பெட்ரோல் விலையைப் பார்த்தீர்களா என்கிறார் பக்கத்தில் நின்றவர். திங்கட்கிழமை ஏறுவதற்கு முன் கேட்டுவிட்டு ஏறுங்கள்.