படிக்கட்டு எச்சி கறை, எண்ணெய் கறை விஷயமா கமிட்டிக்கு

கமிட்டி தலைவர் அண்ணனுக்கும் செயலாளர் சாருக்கும் கணக்கு பாக்குற அக்காவுக்கும் வணக்கம். மூணாவது மாடி பின்பக்க வீட்லேர்ந்து எழுதுறேன். போன ஞாயித்துக்கெழம மீட்டிங்ல படிக்கட்டு பேச்சு எடுத்தப்போ எல்லாரும் ஒரே நேரத்துல பேசி, அப்புறம் மோட்டார் ரிப்பேருக்கு தாவி, யார் எவ்ளோ பாக்கின்னு சண்டையாயி அப்படியே கலஞ்சிட்டோம். நான் சொல்ல வந்தது வாயிலயே நின்னுடுச்சி, அதான் எழுதி குடுக்குறேன். கொஞ்சம் நீளம்தான், டீ குடிச்சிக்கிட்டே படிங்க.

மொதல்ல விஷயத்த சொல்லிட்றேன். பொங்கலுக்குள்ள படிக்கட்டு செவுத்துக்கு பெயின்ட் அடிக்க 26,000 ரூபா கொட்டேஷன் வாங்கி வெச்சிருக்கீங்க இல்ல, அதுக்கு முன்னாடி கறைய எடுத்தே ஆகணும், அப்படியே மேல பூசிட்டா அந்த காசு மொத்தமும் தண்டம். வெத்தல பாக்கு கறை தண்ணி கலந்து அடிக்கிற பெயின்ட்டுல ஊறி மேல வந்துரும், ஒரு வாரத்துல பழுப்பா எட்டிப்பாக்கும். எண்ணெய் இருக்கிற எடத்துல பெயின்ட் ஒட்டவே ஒட்டாது, தோல் மாதிரி உரிஞ்சி வரும். நம்பலன்னா மீட்டர் பொட்டிக்கு பக்கத்துல போய் பாருங்க, ரெண்டு வருஷம் முன்னாடி அடிச்ச சந்தனக் கலர் அங்க மட்டும் உரிஞ்சி உள்ள பழைய பச்ச தெரியுது.

ரெண்டாவது, தயவு செஞ்சி மறுபடியும் ஆசிட் ஊத்தாதீங்க. போன வருஷம் ஒரு ஆள கூட்டினு வந்து 1,400 ரூபா குடுத்து பாத்ரூம் ஆசிட் ஊத்தி தேச்சோம் ஞாபகம் இருக்கா? அன்னிக்கி பளிச்சுனு இருந்துது, எல்லாரும் போட்டோ எடுத்து குரூப்ல போட்டோம், நானும்தான் கை தட்டினேன். ஆனா நம்ம படி மொசைக், உள்ள இருக்கிறதெல்லாம் சிமெண்டும் மார்பிள் சில்லும், அது ரெண்டுமே சுண்ணாம்பு ஜாதி. ஆசிட் பட்டா பொங்குமே, அது அழுக்கு பொங்கறது இல்ல, நம்ம படி கரையிறது. மேல இருந்த பாலிஷ் போயி இப்ப தடவி பாத்தா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு, அந்த சின்ன சின்ன குழியில எச்சியும் எண்ணெயும் முன்ன விட நல்லா உக்காந்துக்குது. ஆசிட் ஊத்துன ரெண்டாவது மாடி படிதான் இன்னிக்கி பில்டிங்லயே அசிங்கமான படி, ஊத்தாத மொட்டமாடி படி பரவால்லாம இருக்கு. கீழ வாசல்ல இருக்கிற கடப்பா கல்லும் அதே ஜாதிதான், அங்கயும் ஊத்தக்கூடாது. எலுமிச்சம்பழம் தேய்க்கலாம்னு எதிர்வீட்டு அக்கா சொன்னாங்க, கறை கொறையும் ஆனா மொசைக்குக்கு அதுவும் ஆசிட்தான், வேணாம்.

நான் சும்மா வாய்ல சொல்லல, எங்க வீட்டுக்கு கீழ இருக்கிற மூணு படியில செஞ்சி பாத்துட்டுதான் சொல்றேன். ரெண்டாவது மாடி திருப்பத்துல ஒரு மூல இருக்கே, சாமி டைல்ஸ் ஒட்டிருக்கோமே, பிள்ளையார், மாதா, மெக்கா மூணும் வரிசையா, அதுக்கு சரியா அர அடி தள்ளிதான் துப்புறாங்க. பக்திக்கு கொறச்சல் இல்ல, டைல்ஸ் மேல ஒரு சொட்டு கூட படல, அவ்ளோ குறி பாத்து துப்புறவன் கொஞ்சம் எறங்கி சாக்கடையில துப்பக்கூடாதா. கிட்ட உக்காந்து பாத்தேன், ஒரே கறை இல்ல அது, அடுக்கு அடுக்கா இருக்கு. மேல புதுசு ஆரஞ்சா, அதுக்கு கீழ மெரூன், அடியில காஞ்சி கறுத்து தாரு மாதிரி, நடுவுல சுண்ணாம்பு வெள்ளையா கட்டிருக்கு, பாக்கு தூளு கூட அப்படியே ஒட்டிட்டு இருக்கு. பழைய ஏடிஎம் கார்டு வெச்சி சுரண்டினா செதிலா வருது. கத்தி வெச்சி சுரண்டாதீங்க, மொசைக்ல கீறல் விழுந்தா அடுத்த எச்சிக்கு அது வாய்க்கா.

எனக்கு புரிஞ்சது இதான், முதல்ல எண்ணெய் எடுக்கணும் அப்புறம்தான் எச்சி கறை. எண்ணெய் மேல இருக்கிற வரைக்கும் நாம என்ன ஊத்தினாலும் உள்ள எறங்காது, வழுக்கிட்டு ஓடிரும். போன தடவ நாம தலகீழா பண்ணோம்.

புது எண்ணெய் சிந்திருந்தா தண்ணி ஊத்தவே கூடாது, பரவிரும். மரத்தூள் இருந்தா நல்லது, இல்லன்னா தவிடு, இல்லன்னா கோலமாவு, கெட்டியா கொட்டி ராத்திரி முழுக்க விட்டுட்டு காலையில பெருக்கினா பாதி எண்ணெய் அதோட வந்துரும். மிச்சத்துக்கு வாஷிங் சோடா, சமையல் சோடா இல்ல, துணிக்கு போடுற சோடா, மளிகைக் கடையில கேட்டா குடுப்பான், ஒரு பக்கெட் நல்லா கொதிச்ச சுடுதண்ணிக்கு ரெண்டு கை, கூட கொஞ்சம் பாத்திரம் கழுவுற லிக்விட். பத்து நிமிஷம் ஊற விட்டு தென்னந்தொடப்பத்தாலயோ நைலான் பிரஷாலயோ தேச்சா போதும், கம்பி நார் வேணாம். நம்ம போர் தண்ணி உப்பு, சோப்பு நுரையே வராதுன்னு எல்லாருக்கும் தெரியும், சோடா போட்டா அந்த தண்ணியும் கொஞ்சம் வழிக்கு வரும். கடைசியா அலசுறதுக்கு மட்டும் மெட்ரோ வாட்டர் வெச்சிக்கலாம், இல்லன்னா காஞ்ச பின்னாடி வெள்ள வெள்ளையா உப்பு பூத்துரும்.

அப்புறம் எச்சி கறை. வெத்தல மேல காசுக்கட்டியும் பாக்கும் சுண்ணாம்பும் சேந்தாதான் செவக்கும், ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு கலந்தா செவக்குதே அந்த மாதிரின்னு வெச்சிக்கங்க. சோப்பு போட்டா போற அழுக்கு இல்ல அது, துணிக்கு போடுற சாயம் மாதிரி, நிறத்தயே வெளுக்க வெக்கணும். அதுக்கு பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு பெரிய ஸ்பூன் போட்டு கலக்கி, தெளிய விட்டு, மேல் தண்ணிய பழைய துணியில நனச்சி கறை மேல ஒட்டி பத்து பதினஞ்சி நிமிஷம் வெக்கணும், துணி காயக்கூடாது. அப்புறம் ரெண்டு தடவ நல்லா அலசணும். என் மூணு படியில புது கறை மொத தடவயே போச்சி, பழசு மூணு தடவ பண்ணியும் லேசா டீ கலர்ல நிக்குது, முழுசா போகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். செவுத்துல கீழ் பாதி ஆயில் பெயின்ட் அடிச்ச எடத்துல ஈர துணியிலயே போயிரும், மேல டிஸ்டம்பர் அடிச்ச எடத்துல பிளீச்சிங் பட்டா கலரும் சேந்து போயிரும், ஆனா அங்க எப்படியும் பெயின்ட் அடிக்கப் போறோம், பரவால்ல.

இத மட்டும் பெருசா எழுதி ஒட்டணும்: பிளீச்சிங் பவுடர் போட்ட எடத்துல ஆசிட், பாத்ரூம் கழுவுற லிக்விட் எதுவும் ஊத்தக்கூடாது. ரெண்டும் கலந்தா குளோரின் காத்து வரும், மூச்ச அடைக்கும், நம்ம படிக்கட்டுல ஜன்னலே மாடிக்கு ஒண்ணுதான். முதல் மாடி தாத்தாவுக்கு வேற இழுப்பு இருக்கு. அன்னிக்கி அவங்கள முன்னாடியே சொல்லி கொஞ்ச நேரம் கதவ மூடி வெச்சிக்க சொல்லணும், மொட்டமாடி கதவு தொறந்து வெக்கணும்.

கூட்டுற அக்காவ பத்தியும் சொல்லணும். அவங்க வாரத்துல ரெண்டு நாள் கூட்டி தொடைக்கத்தான் மாசம் 1,800 வாங்குறாங்க, ஊர் எச்சிய வெறும் கைல சுரண்டுறதுக்கு இல்ல. போன வாரம் நான் பாத்தேன், மூக்க முந்தானையால கட்டிக்கிட்டு இரும்பு கரண்டியால சுரண்டிட்டு இருந்தாங்க, இன்னாக்கா இதுன்னு கேட்டா "இன்னா பண்றது, சொன்னாங்க செய்றேன்"ன்றாங்க. யார் சொன்னாங்கன்னு நான் கேக்கல. இந்த வேலைய அவங்க செஞ்சா தனி கூலி, ரப்பர் கிளவுஸ், மாஸ்க் குடுத்துட்டு செய்ய சொல்லுங்க. இல்லன்னா நாமளே செய்வோம், என் எச்சி இல்லன்னு சொல்ற பதினெட்டு வீடும் வந்தா ஒரு காலைல முடிஞ்சிரும்.

யார் துப்புறாங்கன்னு ஆரம்பிச்சா மறுபடி சண்ட. வெளி ஆளுங்க மேல பழி போடுறது சுலபம், சிலிண்டர் பையன், கொரியர், கேபிள்காரர்னு, ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு மேல எந்த சிலிண்டர் வருது சொல்லுங்க. குட்கா, பான் மசாலாவெல்லாம் 2013லயே தமிழ்நாட்டுல தடை பண்ணியாச்சி, ஆனா நம்ம மூணாவது படில பொட்டலம் இன்னிக்கி காலைல கூட கெடந்துது. வெத்தல போடுற பாட்டிங்கள நான் சொல்லல. முதல் மாடி பாட்டி இன்னும் படிக்கம் வெச்சிதான் துப்புறாங்க, அவங்களே கழுவி கவுத்து வெக்கிறாங்க, பில்டிங்லயே சுத்தமான ஆளு அவங்கதான். அதே யோசனதான் எனக்கும், கேட் பக்கமும் ரெண்டாவது மாடி திருப்பத்துலயும் மூடி போட்ட பக்கெட்டு, உள்ள பாதி மணல். "துப்பாதே"ன்னு எழுதி வெச்சி நாலு வருஷம் ஆச்சி, அந்த போர்டு மேலயே கறை இருக்கு. துப்பணும்னு இருக்கிறவனுக்கு ஒரு எடம் காட்டுவோம். யார் கொட்டுறதுன்னு கேப்பீங்க, மொத மாசம் நான் கொட்டுறேன்.

எண்ணெய் விஷயத்துல ரெண்டாவது மாடி பஜ்ஜி கடை அக்காவ யாரும் திட்ட வேணாம். சாயங்காலம் சட்டிய ஒரு கையிலயும் கேன ஒரு கையிலயும் புடிச்சினு எறங்குறாங்க, எல்லாரும் பாத்துட்டே ஒதுங்கி நிக்கிறோம். நான் பேசினேன், மூடி போட்ட டின்னு இருந்தா அதுலயே எடுத்துனு போறேன்னாங்க, சங்கத்துலேர்ந்து ஒண்ணு வாங்கி குடுத்தா 400 ரூபா ஆவுமா? அதுவும் இல்லாம எல்லா எண்ணெயும் அவங்களுது இல்ல. கார்த்திகைக்கு படிக்கு ரெண்டு வெளக்கு வெச்சது நாம எல்லாரும், அகல் அடில வட்ட வட்டமா இன்னும் இருக்கு. சாயங்காலம் பசங்க படில உக்காந்து செவுத்துல தலய சாச்சி செல் பாக்குறாங்களே, அந்த எடத்துல தேங்கா எண்ணெய் ஊறி வரிசையா நாலு கருப்பு வட்டம், ஒண்ணு எங்க வீட்டு பையனோடதுதான், உயரத்த வெச்சி கண்டுபுடிச்சிட்டேன். அதுல டால்கம் பவுடர் அழுத்தி தடவி மறுநாள் சோப்பு துணில தொடச்சா நல்லா கொறையுது.

போன மாசம் மழையில எங்க மாமியார் அந்த எண்ணெய் படியிலதான் வழுக்கி கைப்புடி கம்பிய புடிச்சி தப்பிச்சாங்க. புடிச்ச கம்பியும் பிசுக்குன்னு இருந்துதாம்.

அதனால வர்ற ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு ஆரம்பிக்கலாமா? சனிக்கெழம ராத்திரியே எண்ணெய் எடத்துல மரத்தூள் கொட்டிடணும், பக்கத்து தெரு மர கடையில ஒரு மூட்ட சும்மாவே தரேன்னு சொல்லிட்டாங்க. சோடா, பிளீச்சிங், கிளவுஸ், பிரஷ் எல்லாம் சேத்து 900 ரூபாக்குள்ள அடங்கும், பில்லு தரேன். மேல் மாடிலேர்ந்து கீழ வரைக்கும் வரணும், கீழேர்ந்து ஆரம்பிச்சா கழுவின எடத்துலயே அழுக்கு தண்ணி எறங்கும். பெயின்ட்காரர ஒரு வாரம் தள்ளி வர சொல்லுங்க, செவுரு நல்லா காயணும். மோட்டார் ரூம் சாவி மட்டும் சனிக்கெழம சாயங்காலமே எங்க வீட்ல குடுத்துடுங்க, போன தடவ மாதிரி சாவி யார்கிட்டன்னு ஒரு மணி நேரம் தேட முடியாது.

இப்படிக்கு
மூணாவது மாடி, பின்பக்க வீடு