ஏழின் கழுத்து

அலமாரியில் 14 பேரேடுகள். அத்தனையையும் கணினியில் ஏற்ற வேண்டும். முதலாவது 1958இல் தொடங்குகிறது. எழுத்தர் செல்வி முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தாள். பேரேட்டு எண், பக்க எண் இரண்டையும் சேர்த்து 03-117 என்று கோப்புக்குப் பெயர் வைத்தாள். ஓரம் பொடிந்த தாளை எச்சில் தொட்டுப் புரட்டக்கூடாது. அடியில் ஒரு அட்டையைச் செருகித்தான் திருப்ப வேண்டும்.

முதல் நாளே ஒன்று பிசகியது. மனை எண் 12/3 என்று தட்டினால் கணினி அதை மார்ச் மாதத் தேதியாக்கிவிட்டது. அந்தப் பத்தி முழுவதையும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி தொடங்கினாள். பேரேடு நெடுக வரும் ‘மேற்படி’யையும் அப்படியே ஏற்ற முடியாது. பெயர் வரிசையில் அடுக்கினால் யாருக்கு மேற்படி என்பதே தெரியாமல் போகும். எனவே வரிக்கு வரி முழுப்பெயர். படிக்க முடியாத இடத்தில் ஊகம் கூடாது. கட்டத்தை வெறுமையாக விட்டு, குறிப்புப் பத்தியில் ‘மை கரைந்தது’ என்று எழுதினாள்.

ஒரு நாளைக்கு ஆறு பக்கம். பக்கம் முடிந்ததும் பேரேட்டின் அடிக்கூட்டலோடு ஒப்பிடுவாள். ஒரு பக்கத்தில் 54 கூடுதலாக வந்தது. ஒன்பதால் வகுபடும் வித்தியாசம். இலக்கம் இடம் மாறியிருக்கும். தேடினால், 17க்குப் பதில் 71.

ஐந்தாம் பேரேட்டில் 60 கூடியது. ஒன்பதால் வகுபடவில்லை. மூன்று முறை சரிபார்த்தும் பிடிபடவில்லை. அந்தப் பேரேட்டை எழுதிய பழைய எழுத்தர் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

“ஐயா, இது 74தானே?”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “14ம்மா. என் ஒன்றுக்குத் தலையில் ஒரு சின்னக் கொக்கி விழும். ஏழு என்றால் கழுத்தில் குறுக்குக்கோடு போட்டிருப்பேன், பார்.”

செல்வி பார்த்தாள். இரண்டு வரி கீழே ஒரு 72. அதன் ஏழில் மயிரிழை போல ஒரு கோடு. 14 என்று திருத்தியதும் கூட்டல் பொருந்தியது.

வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. ஒரே பக்கத்தில் ஓரிடத்தில் ஒன்றை ஏழாகவும், இன்னோரிடத்தில் அதே பத்தாம் தானத்தில் ஏழை ஒன்றாகவும் படித்திருந்தால் கூட்டல் சரியாகவே வரும். ஒருவர் பாக்கி இன்னொருவர் தலையில் ஏறியிருக்கும்.

மறுநாள் காலை அவர் கையெழுத்து தொடங்கும் நான்காம் பேரேட்டை எடுத்தாள். அட்டையைச் செருகி முதல் பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு ஏழின் கழுத்தையும் உருப்பெருக்கியில் பார்க்கத் தொடங்கினாள்.