அத்தியாயம் 7: நூல் வட்டம்

முதல் திருப்புதல் தேர்வின் கணக்குத் தாள்களைக் கோவிந்தராஜ் சார் திருப்பிக் கொடுத்த அன்று, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் முருகையனின் பெயர் நான்காவதாகக் கூப்பிடப்பட்டது. அவர் எப்போதும் மதிப்பெண் வரிசைப்படியே கூப்பிடுவார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து அந்த வரிசையில் முதல் பெயர் மாறியதில்லை. அதனால் வேறொரு பெயர் முதலில் கேட்டதும் வகுப்பு முழுவதும் கடைசிக்கு முந்தைய பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. முருகையன் எழுந்து போய்த் தாளை வாங்கினான். தொண்ணூற்று மூன்று. எல்லாக் கணக்குகளுக்கும் சிவப்பு மையில் சரி போடப்பட்டிருந்தது. செய்முறை வடிவியலுக்கு மட்டும் பத்துக்கு மூன்று. படத்துக்குப் பக்கத்தில் 'வில் எங்கே?' என்று ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தது.

மூன்று சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்து, மையத்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் தொலைவில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையச் சொல்லியிருந்தார்கள். உதவிப் படத்தை அவன் கையாலேயே வரைந்திருந்தான். தொடுகோட்டின் நீளம் அறுபத்து நான்கிலிருந்து ஒன்பதைக் கழித்த ஐம்பத்தைந்தின் வர்க்கமூலம், ஏறக்குறைய 7.4 சென்டிமீட்டர் என்று சரியாகக் கணக்கிட்டும் இருந்தான். அவனிடம் கவராயம் இல்லை. சட்டையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, ஒரு முனையை இடது கைப் பெருவிரலால் மையத்தில் அழுத்திக்கொண்டு, மறு முனையைப் பென்சிலில் சுற்றி வட்டம் போட்டிருந்தான். பென்சில் சுற்றச் சுற்ற நூலும் பென்சிலில் சுற்றிக்கொண்டதால், வட்டம் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராமல் நத்தை ஓட்டைப் போல உள்ளே இறங்கியிருந்தது.

மணி அடித்த பிறகு கோவிந்தராஜ் சார் அவனை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

"நூல்ல போட்டியா?"

"ஆமாம் சார்."

"நான் திருத்துனதால மூணு கிடைச்சுது. முழுப்பரீட்சைத் தாள் எந்த ஊருக்குப் போகும், யாரு கையில விழும்னு எனக்கே தெரியாது. அங்க உக்காந்திருக்கிறவருக்கு உன்னையும் தெரியாது, உன் நூலையும் தெரியாது. கவராயத்துல வெட்டுன வில் தெரிஞ்சாத்தான் மார்க். எங்கிட்ட கேட்டிருந்தா மேஜையில இருந்து எடுத்துக் குடுத்திருப்பேனே, ஏன்டா கேக்கல?"

முருகையன் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது நீண்ட பதிலாக இருந்திருக்கும்.

கேட்பதற்கு அவன் ஒரு கணக்கு வைத்திருந்தான். அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. ஆனால் கடைத்தெருவில் அம்மா வைத்திருந்த பற்றுவரவைவிடத் துல்லியமாக அது அவன் மனத்தில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில், போன ஆண்டு படித்தவர்களின் பழைய பாடப்புத்தகங்களைக் கோவிந்தராஜ் சாரிடம் கேட்டு வாங்கினான், அது ஒன்று. ஐப்பசி மழையில் கூரை ஒழுகிப் புத்தகங்கள் நனைந்தபோது அறிவியல் புத்தகத்தை இரண்டாம் முறை கேட்டான், அது இரண்டு. அரையாண்டுத் தேர்வின்போது விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாமல், இரவில் பள்ளித் தாழ்வாரத்து விளக்கின் கீழ் படிக்க வாட்ச்மேனிடம் சொல்லும்படி கேட்டான், அது மூன்று. ஒரு மனிதரிடம் எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கு ஊரில் எழுதாத ஒரு வரம்பு உண்டு என்றும், அதைத் தாண்டினால் கொடுப்பவரின் முகத்தில் ஏதோ ஒன்று மாறிவிடும் என்றும், களத்தில் கூலி கேட்டு நின்ற தன் தந்தையைப் பார்த்தே அவன் கற்றிருந்தான். கோவிந்தராஜ் சார் அப்படி மாறக்கூடியவரல்லர். இருந்தாலும் அதைச் சோதித்துப் பார்க்க அவன் துணியவில்லை. ஏனென்றால் கேட்க வேண்டிய பெரிய ஒன்று மிச்சம் இருந்தது. அதற்காக மற்றவற்றைச் சேமித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெரிய ஒன்று எங்கிருந்து வந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாறு, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது. அந்த மூணாறு தலைப்பில், தண்ணீர் வரும் மாதங்களில், முருகையனின் தந்தை ஷட்டர் சுற்றும் தினக்கூலி. பலகைகளை ஏற்றி இறக்கியே அவருக்குத் தோள்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. மோட்டார் சைக்கிளில் வரும் ஓவர்சியர், அளவுகோல் கல்லில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அவர் எழுதிய பிறகுதான் எந்த ஷட்டர் எவ்வளவு உயர வேண்டும் என்று தந்தைக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் கடைமடையில் இருப்பவனின் நாற்றங்கால் நனையுமா காயுமா என்று தெரியும். சோறு கொண்டுபோகும் சிறுவனாக மதகின் மேல் உட்கார்ந்து, முருகையன் தண்ணீரைவிட அந்தப் பதிவேட்டையே அதிகம் பார்த்திருக்கிறான்.

அவனுடைய ஆசைக்கு ஒரு பெயர் கிடைத்தது கோவிந்தராஜ் சாரின் வகுப்பில்தான். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்தில், பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 205 டி.எம்.சி. விடணும்னு 1991-ல நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டுச்சு. டீக்கடையில எல்லாரும் அதைப் பேசுறோம். ஒரு டி.எம்.சி.ன்னா எவ்வளவு, யாருக்காவது தெரியுமா?" என்று அவர் கேட்டார். டெல்டாவில் பிறந்த நாற்பத்திரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆசிரியர்கள் அறையில் கேட்டிருந்தாலும் நிலைமை பெரிதாக வேறுபட்டிருக்காது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரே நாளில் அவ்வளவு தண்ணீர் போக வேண்டுமானால் விநாடிக்கு எத்தனை கன அடி விட வேண்டும் என்று கேட்டார். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். முருகையன் நெடுவகுத்தல் போட்டு 11,574 என்று முதலில் எழுந்து சொன்னான். அன்றிரவு அதைத் தந்தையிடம் சொன்னபோது, அவர் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அது கல்லணைக் கணக்கு தம்பி. நம்ம தலைப்புக்கு வர்றது அதுல ஒரு பங்குதான்" என்றார். கையெழுத்துப் போடத் தெரியாத மனிதர், பங்கு தெரிந்து வைத்திருந்தார். பத்தாம் வகுப்பு முடித்து, பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு சிவில் டிப்ளமோ படித்தால் அந்தப் பதிவேட்டில் எழுதும் ஆளாகலாம் என்பது அவனுக்குப் பின்னால்தான் தெரிந்தது. கணக்கு மதிப்பெண் அந்த வாசலில் எடைபோடப்படும் என்பதும் தெரிந்தது.

பங்குனி பிறந்ததும் பள்ளிக்கும் வயலுக்கும் நேரடியாகவே மோதல் வந்தது. சம்பா அறுவடைக்கு முன் ஈரத்தில் தெளித்த உளுந்து அப்போதுதான் முற்றி நின்றது. உளுந்துச் செடியை விடியற்காலைப் பனியோடு பிடுங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் நெற்று வெடித்துப் பருப்பு மண்ணில் சிதறிப்போகும். தலைமையாசிரியரோ காலை ஏழு மணிக்குச் சிறப்பு வகுப்பு என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். கணக்கில் ஒரு சென்டமாவது வர வேண்டும் என்பது அந்த ஆண்டில் அவருடைய ஒரே கவலை. தவறாமல் வருபவர்களை முன்பெஞ்சுக்கும், வராதவர்களை வராந்தாவுக்கும் அவர் அனுப்பினார். மூன்று நாள்கள் தொடர்ந்து வராத முருகையன் நான்காம் நாள் வராந்தாவில் நின்றான்.

"மாணவன் முதல்ல வகுப்புக்கு வரணும், அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றார் தலைமையாசிரியர். அவர் கெட்டவர் இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள குடும்பத்தில் பிறந்தவர். தேங்காய்க்கு அவசரமில்லை, இன்று பறிக்காவிட்டால் நாளை பறிக்கலாம்.

முருகையன் வயலுக்குப் போனதற்குக் காரணம் கூலி மட்டுமன்று. பிடுங்கியவர்களுக்குப் பங்கு தானியமாகவே கிடைக்கும். தன் பங்கில் இரண்டு படி உளுந்தைத் தனியாக ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தான். அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய், எழுதுபொருள் விற்கும் மளிகைக் கடையில் நிறுத்துப் போட்டுவிட்டு, ஒரு ஜாமெட்ரி பெட்டி வாங்கினான். பெட்டியைத் திறந்தபோது கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தது. கடைக்காரர் அதைத் தம் நகத்தால் முறுக்கிக் கொடுத்தார். வீட்டில் அம்மா துணி முடிச்சைத் தேடினாள், பெட்டியைப் பார்த்தாள், பானையில் இருந்த மிச்ச உளுந்தைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, சித்திரை வரைக்கும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

கணக்குத் தேர்வு நாளன்று வடிவியலில் வந்தது வட்ட நாற்கரம். முருகையன் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளாமல், கை நடுங்காத நேரம் என்று முதலிலேயே எடுத்தான். இரண்டாவது வில்லை வெட்டும்போது திருகு நழுவியது. நகத்தால் முறுக்கிக்கொண்டு, அளவை மறுபடியும் எடுத்து, தேவைக்கு மேலேயே அழுத்தி வெட்டினான். வில்கள் ஒவ்வொன்றும் தாளின் மறுபக்கத்தில் விரலால் தடவினால் தெரியும் அளவுக்கு ஆழமாக விழுந்தன. அறைக் கண்காணிப்பாளர் இரண்டு முறை அவன் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார்.

வெளியே கோவிந்தராஜ் சார் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார்.

"வில் தெரியுதா?"

"தெரியுது சார்."

அவர் வேறெதுவும் கேட்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கடைத்தெருவைத் தாண்டியதும் ரயில்வே கேட் வழக்கம்போல மூடிக் கிடந்தது. நீடாமங்கலத்தில் பிறந்தவர்கள் தங்கள் ஆயுளில் ஒரு பகுதியை அந்தக் கேட்டில் நின்றே கழித்தவர்கள். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்தது. பேருந்துகள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று என்ஜினை அணைத்திருந்தன. வெள்ளரிப் பிஞ்சு விற்பவர்கள் ஜன்னல்களுக்குக் கீழே ஓடினார்கள்.

முருகையன் அந்த இடத்தைத்தான் மனத்தில் குறித்து வைத்திருந்தான். கேட் மூடியிருந்தால் சார் நின்றுதான் ஆக வேண்டும். அவனும் ஓடிவிட முடியாது.

"சார், பாலிடெக்னிக் அப்ளிகேஷன் எங்க வாங்கணும்னு தெரியல. வாங்கினாலும் நிரப்பத் தெரியல. நீங்க ஒருநாள் என் கூட..."

சரியாக அந்த நேரத்தில் கூட்ஸ் வண்டி நீளமாக ஊதிக்கொண்டு நகர்ந்தது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடகடத்துக் கடந்தன. கோவிந்தராஜ் சார் காதைக் கையால் குவித்துக்கொண்டு அவன் பக்கம் குனிந்தார். பிறகு கேட்கவில்லை என்று கையை விரித்தார்.

கடைசிப் பெட்டி போய், கேட்டின் கம்பி மேலே ஏறத் தொடங்கியதும், "என்னடா சொன்ன?" என்றார்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்டான்.