எழுவாய்–பயனிலை இயைபு: பிழைதிருத்துநர் பயிற்சித் தாள் 3

8 வினாக்கள், 20 நிமிடம், 16 மதிப்பெண். அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். வாக்கியத்தின் எழுவாயை அடிக்கோடிடுங்கள். தேர்வுக்கு 1, அடிக்கோட்டுக்கு 1. இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டாலும் பாதி சரியாகிவிடும் என்பதால்தான் அடிக்கோட்டுக்குத் தனி மதிப்பெண்.

1. மூன்று கிடங்குகளில் மீட்கப்பட்ட மூட்டைகளின் எடை சரிபார்க்கப்பட்டு (வருகிறது / வருகின்றன).

2. நிர்வாகத்தின் முடிவு, ஊழியர் சங்கங்களின் எதிர்ப்புகளையும் மீறி நேற்று நடைமுறைக்கு (வந்தது / வந்தன).

3. வெள்ளத்தில் சிக்கிய 40 பேரை மீட்கப் போன குழு இரவு 9 மணிக்குத் (திரும்பியது / திரும்பினர்).

4. மீட்புக் குழுவினர் மறுநாள் காலை மீண்டும் (புறப்பட்டது / புறப்பட்டனர்).

5. தலைமை மருத்துவர் உதவியாளர்கள் இருவருடன் அறைக்குள் (நுழைந்தார் / நுழைந்தனர்).

6. ஒவ்வொரு பெட்டியிலும் இருந்த கண்ணாடிக் குடுவைகள் (உடைந்திருந்தது / உடைந்திருந்தன).

7. மேசைமேல் கிடந்த கோப்புகளில் ஒன்று (நனைந்திருந்தது / நனைந்திருந்தன).

8. இந்த விதிகளின் நோக்கம் தண்டிப்பது (அன்று / அல்ல).

விடைகளும் விளக்கமும்

1: எடை, வருகிறது. பயனிலையிலிருந்து பின்னோக்கிப் போய் ‘எது சரிபார்க்கப்படுகிறது?’ என்று கேளுங்கள். மூட்டைகளா? இல்லை, எடை. ‘கிடங்குகளில்’, ‘மூட்டைகளின்’ இரண்டும் வேற்றுமை உருபு ஏற்ற சொற்கள். தமிழில் எழுவாய்க்கு உருபு கிடையாது. எனவே -இன், -இல், -ஐ, -உடன் ஒட்டிய சொற்களை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டால் எஞ்சுவது பெரும்பாலும் எழுவாய்தான். ‘பெரும்பாலும்’ என்பதற்குக் காரணம் உண்டு: ‘அவர் புத்தகங்கள் வாங்கினார்’ என்பதில் ‘ஐ’ தொக்கி நிற்கிறது, ஆனால் ‘புத்தகங்கள்’ செயப்படுபொருள்.

2: முடிவு, வந்தது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ‘சங்கங்களின் எதிர்ப்புகளையும்’ புகுந்துகொண்டது. வாக்கியம் நீளும்போது கடைசியாகக் கேட்ட ‘கள்’தான் காதில் நிற்கும். இடைத்தொடரை விரலால் மறைத்துப் படித்தால் ‘முடிவு நேற்று நடைமுறைக்கு வந்தது’ என்று தானே விழும்.

3: குழு, திரும்பியது. குழுவில் இருப்பவர்கள் மனிதர்களே என்றாலும் ‘குழு’ அஃறிணை, ஒன்றன்பால். ‘குழு திரும்பினர்’ என்பது திணைவழு. அணி, துறை, அரசு, கூட்டம், குடும்பம், படை எல்லாம் இதே வகை. அடுத்த வாக்கியத்தில் ‘அவர்கள்’ என்று தொடர வேண்டுமானால் எழுவாயையே மாற்ற வேண்டும், அதாவது 4-ஆம் வினாவில் இருப்பதுபோல. ‘குழு திரும்பியது. அவர்கள் சோர்ந்திருந்தனர்’ என்று வந்தால் முதல் வாக்கியத்தைத் திருத்துங்கள், இரண்டாவதை அல்ல. குழு ஒன்றுக்கு மேல் என்றால் ‘குழுக்கள் திரும்பின’. அப்போதும் ‘திரும்பினர்’ வராது.

4: குழுவினர், புறப்பட்டனர். ‘-இனர்’ ஒட்டியதும் சொல் உயர்திணைப் பலர்பால் ஆகிவிடுகிறது. ‘மக்கள்’ என்ற சொல்லுக்கு இந்த ஒட்டே தேவையில்லை: ‘மக்கள் கூடினர்’, ஆனால் ‘மக்கள் கூட்டம் கூடியது’.

5: மருத்துவர், நுழைந்தார். உடன் வந்தவர்கள் எத்தனை பேரானாலும் எழுவாயின் எண் கூடாது. ‘மருத்துவரும் உதவியாளர்கள் இருவரும்’ என்று உம் சேர்த்து எழுதியிருந்தால்தான் ‘நுழைந்தனர்’.

6: குடுவைகள், உடைந்திருந்தன. இந்தத் தாளில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘ஒவ்வொரு’ என்பதைக் கண்டதுமே ஒருமை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பெட்டிக்கு அடை, குடுவைகளுக்கு அல்ல. ‘ஒவ்வொரு குடுவையும்’ என்றிருந்தால் ‘உடைந்திருந்தது’ சரி. இன்னொரு காரணமும் சேர்கிறது: பேச்சுத் தமிழில் ‘குடுவைங்க உடைஞ்சிருந்துச்சு’ என்றுதான் சொல்கிறோம். அஃறிணைப் பன்மையைப் பேச்சு வினையில் காட்டுவதில்லை. ஆகவே ‘காதுக்குச் சரியாகப் படுகிறதா’ என்ற சோதனை அஃறிணையில் உதவாது. கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

7: ஒன்று, நனைந்திருந்தது. ‘கோப்புகளில் சில’ என்றால் ‘நனைந்திருந்தன’.

8: நோக்கம், அன்று. ஒன்றன்பாலுக்கு அன்று, பலவின்பாலுக்கு அல்ல என்பது மரபு. இன்றைய உரைநடையில் ‘அல்ல’ இரண்டுக்கும் புழங்குகிறது. ஆனாலும் இந்தத் தாளில் மரபுப்படிதான் மதிப்பெண். அதற்காகச் செய்தியில் வரும் ‘அல்ல’ எல்லாவற்றையும் வேட்டையாட வேண்டாம். ‘வரவில்லை’, ‘செய்ய வேண்டும்’ போன்றவை திணை, பால், எண் எதற்கும் உருமாறாதவை; அங்கே இயைபுப் பிழை வர வழியே இல்லை. ‘மழை வரும், மழைகள் வரும்’ என்னும் அஃறிணை எதிர்காலமும் அப்படியே.