ஓடாத போன், சார்ஜர், பேட்டரி: உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை பக்கத்துக் குடும்பங்களிடம் கல்லூரி மாணவர்கள் நாங்கள் எடுக்கும் சர்வே இது. பெயர், நம்பர் எதுவும் வேண்டாம். வீட்டுக்கு ஒருவர் போதும், ஆனால் முடிந்தால் ஆச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எது எந்த பிஸ்கட் டின்னில் கிடக்கிறதென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

1. பட்டன் போனையும் சேர்த்து, ஓடாத போன் எத்தனை?
இல்லை / 1–2 / 3–5 / அதற்கும் மேல்

2. ஏன் இன்னும் கொடுக்கவில்லை? (எத்தனை வேண்டுமானாலும் டிக் செய்யலாம்)
போட்டோ இருக்கிறது / நம் விவரம் யார் கைக்காவது போய்விடும் / விலை கிடைக்காது / எங்கே கொடுப்பதென்று தெரியாது / சும்மா கிடக்கிறது

3. அறுந்த சார்ஜர், ஒயர் எங்கே போகிறது?
பழைய இரும்புக்கடை / குப்பை வண்டி / எரித்துச் செம்பு எடுக்கிறோம் / பரண்
மூன்றாவதை டிக் செய்தால் திட்டமாட்டோம், உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் ஒயரின் பிவிசி உறை எரியும் புகையில் டையாக்சின் என்ற நஞ்சு வரும், அதனால் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்களா என்பதையும் எழுதுங்கள்.

4. உப்பிப்போன பேட்டரியை என்ன செய்தீர்கள்? இரண்டு வரி போதும். (இப்போது வீட்டில் ஒன்று இருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம், லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.)

5. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளில், மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிக்கும் கம்பெனிக்கும் உண்டு. கேள்விப்பட்டதுண்டா?
ஆமாம் / இல்லை

6. சேகரிப்புப் பெட்டி வைத்தால் எங்கே போடுவீர்கள்?
ரேஷன் கடை / பள்ளிக்கூடம் / செல்போன் கடை / எங்கேயும் போடமாட்டேன், காசு கொடுத்தால் தருவேன்

நிரப்பிய தாளை அடுத்த ஞாயிறு காலை நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.